8 சென்டிமீட்டர் எங்கே போனது?

"டாக்டர் அவர்களுக்கு, என் அம்மாவுக்கு 72 வயது. நாற்பது வயதில் எடுத்த ஒரு மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் அவர் உயரம் 157 செ.மீ. என்று இருக்கிறது. போன வாரம் அளந்தபோது 149. முதுகு கொஞ்சம் கூன் போட்டிருக்கிறது. எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் வயிறு முன்னால் தள்ளித் தெரிகிறது. கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்கிறார். எக்ஸ்ரே எடுத்ததில் டி8, டி12, எல்1 என்று மூன்று இடங்களில் 'கம்ப்ரெஷன் ஃபிராக்சர்' என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா எங்கேயும் விழவே இல்லை. விழாமல் எப்படி எலும்பு உடையும்? மூன்று எலும்பு அமுங்கினால் 8 செ.மீ. குறையுமா? வீட்டில் எல்லோரும் 'வயசான தேய்மானம், விடு' என்கிறார்கள். படத்தின் நகலை இணைத்திருக்கிறேன்."

— ஒரு வாசகி

நீங்கள் அனுப்பிய பக்கவாட்டுப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். ரிப்போர்ட் சரிதான். முதுகெலும்பின் மூன்று முள்ளெலும்புகள் அமுங்கியிருக்கின்றன. டி என்பது மார்பு முதுகு, எல் என்பது இடுப்பு முதுகு, எண் மேலிருந்து கீழாக வரும். ஆனால் 8 சென்டிமீட்டரும் அந்த மூன்று எலும்புகளுக்குள் மட்டும் தொலைந்துபோகவில்லை. எவ்வளவு எங்கே போனது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கு தெரிந்தால் இனி எதைக் காப்பாற்ற முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூட்டு தேய்ந்தாலும் தேய்மானம், கழுத்து எலும்பில் முள் வளர்ந்தாலும் தேய்மானம், எலும்பு அடர்த்தி குறைந்தாலும் தேய்மானம் என்றே நாம் பேசுகிறோம். மூன்றும் வேறு வேறு. உங்கள் அம்மாவுக்கு இருப்பது எலும்பு உள்ளுக்குள் மெலிந்துபோய், அதனால் ஏற்பட்ட முறிவு. தேய்மானம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் செய்ய எதுவுமில்லை என்று தோன்றிவிடுகிறது. முறிவு என்று சொன்னால்தான் அடுத்தது வராமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரும். அதனால் வீட்டில் இனி அந்தச் சொல் வேண்டாம்.

சரி, விழாமல் எப்படி உடையும்? முள்ளெலும்பின் முன்பகுதி பார்க்க ஒரு சிறிய உருளை மாதிரி இருக்கும். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்பு வலை. அந்த வலையில் செங்குத்தாக நிற்கும் கம்பங்கள் உண்டு, அவற்றைக் குறுக்கே இணைக்கும் சட்டங்கள் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையும் வேகம் கூடும்போது முதலில் அறுந்துபோவது இந்தக் குறுக்குச் சட்டங்கள்தான். கம்பங்கள் அப்படியே நிற்கும், ஆனால் பிடிமானம் இல்லாமல் நிற்கும். ஒரு நீளமான குச்சியை இரண்டு முனையிலும் அழுத்தினால் நடுவில் வளைந்து ஒடியும். அதே குச்சியை நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டால் அவ்வளவு லேசில் வளையாது. பிடிமானமில்லாத நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சக்தி நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பது கட்டடப் பொறியாளர்களுக்குத் தெரிந்த கணக்கு. எலும்புக்கும் அதுவேதான். எலும்பின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் பலம் அதைவிட அதிகமாகக் குறைவது இதனால்தான்.

இதை உங்கள் அம்மாவின் படத்திலேயே பார்க்கலாம். அமுங்காமல் நல்ல உருவத்தோடு இருக்கும் எல்3 எலும்பைப் பாருங்கள். உள்ளே மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன, குறுக்குக் கோடுகளே இல்லை. நான் சொன்ன கம்பங்கள்தான் அந்தக் கோடுகள். எலும்பின் ஓரம் மட்டும் பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவாகத் தெரிகிறது, நடுப்பகுதி வெளிறிப்போயிருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இப்படி வெளிறல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 சதவீத எலும்பாவது ஏற்கெனவே போயிருக்க வேண்டும்.

அப்படி மெலிந்த எலும்புக்கு விழுவது தேவையே இல்லை. குனிந்து ஒரு வாளியைத் தூக்கியிருக்கலாம், இறுக்கமான ஜன்னல் கதவை இழுத்திருக்கலாம், பலமாக இருமியிருக்கலாம். குனியும்போது உடலின் எடை முதுகெலும்புக்கு முன்னால் போய்விடுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசைகள் பின்னாலிருந்து இழுக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது முள்ளெலும்பின் முன்பகுதி. பின்பகுதிக்கு வளையங்கள், சிறு மூட்டுகள் என்று தாங்கும் துணை உண்டு. முன்பகுதிக்கு அந்தத் துணை கிடையாது. அதனால்தான் முன்புறம் அமுங்கி, பின்புறம் நின்று, எலும்பு ஆப்பு வடிவத்துக்கு வருகிறது. முதுகின் நடுவில் டி7, டி8 பகுதியிலும், மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் டி12, எல்1 பகுதியிலும் இது அதிகமாக நடக்கும். ஒன்று கூன் அதிகமாக இருக்கும் இடம், மற்றது விறைப்பான மேல்முதுகும் அசையும் கீழ்முதுகும் சந்திக்கும் இடம். உங்கள் அம்மாவின் மூன்று முறிவுகளும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன.

வலி தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சிலருக்குத் தெரியும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆனால் இந்த முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, நடக்கும் நேரத்தில் கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன. ஒரேயடியாக நொறுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும்போது, "முதுகு பிடித்திருக்கிறது" என்று இரண்டு வாரம் தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் சில நாள் இருந்ததா, விலா ஓரமாகப் பெல்ட் கட்டினதுபோல வலி முன்பக்கம் வரை வந்ததா என்று கேளுங்கள். டி8 அமுங்கும்போது வலி பெரும்பாலும் அப்படி முன்னால் சுற்றி வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியம்மா இப்படி விலா வலியோடு வந்தார். இருமலும் இருந்ததால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம், பக்கவாட்டுப் படமும் எடுத்தோம். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, இன்னும் இரண்டு எலும்புகள் அமுங்கி, எழுந்து உட்கார முடியாத நிலையில் திரும்பி வந்தார். பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் முறிவு அன்றே அந்தப் படத்தில் இருந்தது, நுரையீரலுக்குப் பின்னால். நான் நுரையீரலை மட்டும் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தக் காரணத்துக்காக எடுத்த பக்கவாட்டுப் படமானாலும் முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் வைப்பதில்லை. உங்கள் அம்மாவுக்குப் பழைய நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். எந்த எலும்பு எந்த ஆண்டில் அமுங்கியது என்று அவற்றிலிருந்து தெரியலாம். வெறும் எக்ஸ்ரே ஒன்றை மட்டும் வைத்து முறிவு பழையதா புதியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எம்ஆர்ஐ எடுத்தால் புதிய முறிவுக்குள் நீர்க்கோர்த்திருப்பது தெரியும். அது வற்றச் சில மாதங்கள் ஆகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். படத்தில் அளந்ததைச் சொல்கிறேன். டி8 பின்புறம் 20 மில்லிமீட்டர், முன்புறம் 14. அதாவது முன்னால் 30 சதவீதம் போய்விட்டது. டி12 பின்புறம் 25, முன்புறம் 14. இங்கே போனது 44 சதவீதம். எல்1 வேறு மாதிரி. அது பின்னாலும் அமுங்கியிருக்கிறது, பின்புறம் 22, முன்புறம் 16. கீழே இருக்கும் எல்2 முன்னும் பின்னும் 27 இருப்பதால், இதுவும் ஒரு காலத்தில் 27 வாக்கில் இருந்திருக்க வேண்டும். இந்தக் குறைவை நாங்கள் மூன்று படிகளாகப் பிரிப்போம்: 20 முதல் 25 சதவீதம் வரை லேசானது, 25 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இந்தப் படிகளை 1993-ல் ஜெனன்ட் என்ற கதிரியக்க மருத்துவரும் அவரது குழுவினரும் வகுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்று நடுத்தரம், இரண்டு கடுமை. எக்ஸ்ரே எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், அதனால் மில்லிமீட்டரைவிடச் சதவீதத்தை நம்புவது நல்லது.

சரி, இந்த மூன்று எலும்புகளின் நடுப்பகுதியில் உயரம் எவ்வளவு குறைந்திருக்கிறது? டி8-ல் 3 மில்லிமீட்டர், டி12-ல் ஐந்தரை, எல்1-ல் 8. கூட்டினால் பதினாறரை மில்லிமீட்டர். படம் பெரிதாக்கிக் காட்டியதைக் கழித்தால் ஒன்றரை சென்டிமீட்டர். அவ்வளவுதான். நீங்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. எலும்பு அமுங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டால் 8 வராது, அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

மிச்சம் வளைவில் இருக்கிறது. ஆப்பு வடிவ எலும்பு உயரத்தைக் குறைப்பதோடு நிற்காது, தனக்கு மேலே இருக்கும் உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்துவிடும். டி8 ஏறக்குறைய 12 டிகிரி, டி12 சுமார் 20 டிகிரி, எல்1 11 டிகிரி சாய்க்கின்றன. மொத்தம் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இப்போது 45 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய கம்பியை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கீழே இடுப்பு வரை முதுகெலும்பின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். முதுகில் இயல்பாகவே இருக்கும் வளைவுக்காக இதை 40 டிகிரிக்கு வில்லாக வளைத்தால் முனைக்கு முனை நேர்தூரம் 44 சென்டிமீட்டர். முறிவுகள் சாய்த்த 40-ஐயும் சேர்த்து 80 டிகிரிக்கு வளைத்தால் 41 சொச்சம். கம்பியின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, ஆனால் உயரத்தில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் காணவில்லை. உண்மையான முதுகு இவ்வளவு ஒழுங்காக வளையாது. கழுத்தை நிமிர்த்தி, கீழ்முதுகை உள்ளே தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி உடம்பு சமாளிக்கப் பார்க்கும். ஆனாலும் கணக்கு இந்த அளவில்தான் வரும்.

மூன்றாவது டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு. கழுத்திலிருந்து இடுப்பு வரை மொத்தம் 23 டிஸ்க்குகள். முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் மெலிந்தாலே 2.3 சென்டிமீட்டர் போய்விடும். வீட்டில் சொல்லும் வயது இந்தப் பங்குக்குப் பொருந்தும். இது ஆண், பெண் எல்லோருக்கும் நடப்பது, முறிவில்லாதவர்களுக்கும் நடப்பது.

ஒன்றரை, கிட்டத்தட்ட மூன்று, இரண்டு சொச்சம் என்று கூட்டினால் ஆறரை, ஏழு வருகிறது. மிச்சம் இருக்கும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்காக இன்னொரு நோயைத் தேட வேண்டாம். நாம் காலையில் எழும்போது இருப்பதைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குள்ளமாகவே இருக்கிறோம், பகலெல்லாம் டிஸ்க் அழுந்துவதால். அந்தக் காலத்துச் சீட்டு காலையில், செருப்போடு அளந்ததாக இருக்கலாம். நீங்கள் அளந்தது மாலையாக இருக்கலாம். அந்த 157 எவ்வளவு நம்பகமானது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரிக்கச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். இளமையில் இருந்த உயரத்துக்கு இது ஏறக்குறைய சமமாக இருக்கும். ஆளுக்கு ஆள் சில சென்டிமீட்டர் வித்தியாசப்படலாம், ஆனால் கை எலும்பு அமுங்குவதில்லை.

வயிறு தள்ளித் தெரிவதும், சீக்கிரம் நிறைந்துவிடுவதும் இதே கதைதான். முதுகு குட்டையாகி முன்னால் சாயும்போது விலாக்கூடு இடுப்பெலும்பை நோக்கி இறங்குகிறது. குடலும் இரைப்பையும் இருந்த இடம் சுருங்குகிறது, அவை முன்னால்தான் போக முடியும். அது கொழுப்பு இல்லை, அதனால் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இந்த வயதில் புரதம் குறைந்தால் முதுகுத் தசைகள்தான் முதலில் அடி வாங்கும். மூன்று வேளையாகச் சாப்பிடுவதை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள். அம்மா நிற்கும்போது அவர் பின்னால் நின்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே உங்கள் விரல்களைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் நுழைய இடமில்லை என்றால் முறிவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நாங்கள் பரிசோதனை அறையில் பார்க்கும் ஓர் அடையாளம். இன்னொன்று, குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்றால் பின்தலையும் சுவரில் பட வேண்டும். படவில்லை என்றால் இடைவெளியைச் சென்டிமீட்டரில் குறித்துவையுங்கள்.

அடுத்து, இது உண்மையிலேயே எலும்பு மெலிந்ததால் வந்த முறிவுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். எல்லா அமுங்கலுக்கும் அது காரணமில்லை. புற்றுநோய் பரவியும் எலும்பு அமுங்கும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயிலும் அமுங்கும், காசநோய்க் கிருமி அரித்தும் அமுங்கும். நேராக எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண்கள் போல வட்டங்கள் தெரியும். கட்டி அரித்தால் அதில் ஒரு கண் காணாமல் போகும். அம்மாவின் படத்தில் எல்லாக் கண்களும் இருக்கின்றன. கிருமி என்றால் நடுவில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து அழிந்து, மேலும் கீழும் உள்ள எலும்பின் விளிம்புகள் கரடுமுரடாகும். இங்கே டிஸ்க்குகள் ஒழுங்காக இருக்கின்றன. டி4-க்கு மேலே தனியாக ஒரு எலும்பு அமுங்கியிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன், அதுவும் இல்லை. படம் ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். ரத்தத்தில் ஈஎஸ்ஆர், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, வைட்டமின் டி, தைராய்டு, அப்புறம் மைலோமாவுக்காகப் புரதப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரவில் படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், எடை இறங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். கால் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அமுங்கிய எலும்பில் அதே சுண்ணாம்புச் சத்து குறைந்த பரப்புக்குள் நெருங்கிக் கிடப்பதால் அடர்த்தி நன்றாக இருப்பதுபோல எண் வரும். டெக்ஸாவில் வழக்கமாக அளப்பது எல்1 முதல் எல்4 வரை. உங்கள் அம்மாவின் எல்1 அமுங்கியது. அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியையும் அளக்க வேண்டும். எண் எப்படி வந்தாலும் சரி, வேறு நோய் இல்லை என்றால், விழாமலே முள்ளெலும்பு அமுங்கிய பெண்ணுக்கு எலும்பு மெலிவு நோய் இருக்கிறது என்றுதான் அர்த்தம். "டெக்ஸா சுமாராகத்தான் இருக்கு, மருந்து வேண்டாம்" என்று யாராவது சொன்னால் இந்த எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. முள்ளெலும்பில் ஒரு முறிவு புதிதாக வந்த பெண்களில், அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்று வருவது ஐந்தில் ஒருவருக்கு. ஏற்கெனவே முறிவுகள் எத்தனை கூடுதலோ, ஆபத்தும் அத்தனை கூடுதல். ஓர் எலும்பு ஆப்பாகி உடம்பைச் சாய்த்தால் அடுத்த எலும்பின் முன்புறத்தில் சுமை ஏறுகிறது, அது அமுங்கினால் அதற்கடுத்தது. அதனால் வெறும் கால்சியம் மாத்திரையோடு இதை விட்டுவிடக் கூடாது. கால்சியமும் வைட்டமின் டியும் தேவைதான், ஆனால் அவை மட்டும் இந்த நிலையில் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் உண்டு: வாரம் ஒரு முறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் ஜோலெட்ரோனிக் ஆசிட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப். டெரிபாரடைட் போன்ற, எலும்பைப் புதிதாக வளர்க்கும் ஊசிகளும் உண்டு. மூன்று முறிவு, அதில் இரண்டு கடுமை என்ற நிலையில், வளர்க்கும் மருந்தில் தொடங்கிப் பிறகு தடுக்கும் மருந்துக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. அவர் சிறுநீரகம், பல், மற்ற நோய்களைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். எதுவானாலும் டெனோசுமாப் போட ஆரம்பித்தால் அதை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, தேதி தள்ளிப் போடவும் கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் அமுங்குவது உண்டு.

போன உயரம் திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மா கேட்பார். எலும்பு அமுங்கிய ஒன்றரை சென்டிமீட்டர் வராது. டிஸ்க்கில் போனதும் வராது. வளைவில் போன மூன்றில்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆப்பு நேராகாது, ஆனால் ஆப்பின் மேல் தசைகளும் சோர்ந்துபோய் உடம்பு கூடுதலாகத் தொங்கியிருக்கும். அந்தக் கூடுதல் தொங்கலை முதுகை நிமிர்த்தும் தசைகளைப் பலப்படுத்திக் குறைக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி கேளுங்கள், ஆனால் முன்னால் குனியும் பயிற்சி வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து கட்டை விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது இரண்டுமே கூடாது. 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பு மெலிந்த பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு, நிமிரும் பயிற்சி செய்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் புதிய முறிவுகள் வந்தன. கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கட்டும். முடியாதபோது நீங்கள் எடுத்துக் கொடுங்கள். படுத்தே ஓய்வெடுக்கச் சொல்லும் பழக்கமும் வேண்டாம். வலி கடுமையாக இருக்கும் சில நாள் தவிர, படுக்கை எலும்பை இன்னும் மெலிய வைக்கும்.

கடைசியாக, இன்றைய அளவைச் சரியாக எடுத்து வைத்துவிடுங்கள். காலையில், வெறுங்காலோடு, குதிகாலும் பின்புறமும் சுவரில் பட, பார்வை நேராக. தலைமேல் ஒரு தடிமனான புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாகப் பதித்துச் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். மூன்று முறை அளந்து, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் இந்த எக்ஸ்ரே உறையின் மேலேயே எழுதிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே நேரத்தில், அதே சுவரில் அளந்து பாருங்கள். அரை சென்டிமீட்டர் கூடுவதும் குறைவதும் அளக்கும் கையைப் பொறுத்தது. 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கவாட்டு எக்ஸ்ரே மறுபடியும் எடுத்து, இந்தப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.